பெயரைச் சொன்னால் பாணி வராது

ஓவியர் பெயரைப் போட்டால் போதும், மீதியை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவிலிருந்து வடலூர், நெய்வேலி டவுன்ஷிப் வரை ஸ்டுடியோக்காரர்கள் பேச்சில் இப்போது இது ஒரு வேதவாக்கு. அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கவும், கருமாதியன்று மாலை போட்டு வைக்கவும் 'பெயின்டிங் மாதிரி' படம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். போனில் எடுத்த ஒரு போட்டோவை ஏற்றி, கீழே `Raja Ravi Varma style` என்று தட்டி, வந்ததைக் கேன்வாஸில் அச்சடித்து பிரேம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது, ஓவியமும் வந்தது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. ஓவியரின் பெயர் ஒரு முகவரி மட்டுமே. அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியவர் படம் செய்பவர்.

ஏன் தப்பு என்று காட்ட, வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். இருட்டில் ஒரு பெண் கையில் விளக்கோடு நிற்பாள். ஒரு கையில் விளக்கு, மறு கை சுடருக்கு மறைப்பு. வெளிச்சம் விரல்களின் ஊடே கசிந்து அவை செக்கச்சிவந்து தெரியும். காலண்டரிலும் கல்யாண மண்டப வரவேற்பறையிலும் இந்தப் படத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. "ரவிவர்மாவின் விளக்குப் பெண்" என்றுதான் கேட்பார்கள். அது ரவிவர்மா வரைந்தது இல்லை. வரைந்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த எஸ்.எல். ஹல்தங்கர். மாதிரியாக நின்றவர் அவருடைய மகள் கீதா. வரைந்த காலம் 1940-களின் நடுப்பகுதி. ரவிவர்மா 1906-லேயே காலமாகிவிட்டார். மூலப்படம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. அதே அரண்மனையில் ரவிவர்மாவின் படங்களும் தொங்குவதால் இந்தக் குழப்பம் எளிதாக ஒட்டிக்கொண்டது.

யார் வரைந்தது என்பது வரலாற்றுக்காரர் கவலை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் கவலைதான். காரணம், ஹல்தங்கர் படம் வாட்டர் கலர். ரவிவர்மா புகழ் பெற்றது ஆயில் பெயின்டிங்கில். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், வெறும் பெயர் மாற்றத்தோடு முடிகிற தூரம் இல்லை.

ஆயிலில் வேலை பெரும்பாலும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும். முதலில் பழுப்பு நிறத்தில் அடித்தளம், அதன்மேல் உடல் நிறம், கடைசியில் மூக்கு நுனியிலும் நகையிலும் வெள்ளை கலந்த கெட்டி நிறம். ஆகப் பிரகாசமான இடம்தான் பெரும்பாலும் நிறம் அதிகம் ஏறிய இடம். வாட்டர் கலரில் எல்லாம் தலைகீழ். அங்கே வெள்ளை என்பது காகிதம். சுடரின் நடுவில் எதுவும் பூசாமல் விட்டால்தான் சுடர் எரியும். அங்கிருந்து விலக விலக, நீர்த்த நிறத்தை ஒரு கோட் போட்டு, காயவிட்டு, அதன்மேல் இன்னொரு கோட் என்று இருட்டை நோக்கிப் போக வேண்டும். ஒருமுறை இருண்டுவிட்ட இடத்தைத் திரும்ப வெளுக்க வைப்பது மிகக் கடினம். விரல்களுக்குள் அந்தச் சிவப்பு ஒளிர்வதற்குக் காரணமும் இதுதான்: மெல்லிய நிறத்தின் அடியிலிருந்து காகிதத்தின் வெண்மை எட்டிப் பார்க்கிறது.

'ரவிவர்மா' என்று தட்டியவருக்கு என்ன வரும்? பழுப்புப் பின்னணி, பட்டுச் சேலையின் பளபளப்பு, ஜரிகை, வெண்ணெய் தடவியது போன்ற கன்னம். விளக்கும் வந்துவிடும், ஆனால் அது மஞ்சள் நிறத்தை அப்பிய விளக்காக இருக்கும். விரல்கள் பளபளக்கும், ஒளி ஊடுருவாது. வாடிக்கையாளர் தான் விரும்பிய படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பார், ஏதோ குறைகிறது என்பார், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது. ஸ்டுடியோக்காரருக்கும் தெரியாது. அவர் இன்னும் நான்கு முறை 'ஜெனரேட்' பொத்தானை அமுக்குவார்.

சரி, ரவிவர்மாவே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பெயர் போதாது. அவர் கையால் வரைந்த ஆயில் படங்கள் ஒரு வகை. 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து வந்த ஒலியோகிராஃப் அச்சுகள் இன்னொரு வகை. அந்த அச்சுகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கடைசியில் வார்னிஷ் போடுவார்கள். கன்னத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் பிரஷ் தடம் இருக்காது, பொடிப்பொடியான புள்ளிகள் இருக்கும். நம் பூஜை அறைகளில் லட்சுமியும் சரஸ்வதியுமாக வந்து சேர்ந்தது இந்தப் புள்ளி அச்சுதான். அதன் வழிவந்த சிவகாசிக் காலண்டர் படங்களையும் நம்மவர்கள் இதே பெயரில்தான் சொல்வார்கள். ஆக ஒரே பெயருக்குள் மூன்று விதமான மேற்பரப்பு. மெஷின் மூன்றையும் கலந்து ஒரு சராசரியைக் கொடுக்கும். சராசரிக்குப் பாணி கிடையாது.

இன்னொரு பெயரும் இப்போது அடிபடுகிறது, 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜா. தமிழ் வீட்டு நடையில் பக்கவாட்டு வெளிச்சம் விழ உட்கார்ந்திருக்கும் அவருடைய பெண்களை வாட்ஸ்அப்பில் பார்த்திராதவர் உண்டா? அவர் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தோடு வந்து உட்கார்ந்தாலும் மெஷினைக் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு படி மேலே போகும். "பெயர் வேண்டாம், படத்தையே கொடுத்துவிடுகிறேன். ஹல்தங்கர் படத்தை ஒரு பக்கம், அம்மாவின் போட்டோவை ஒரு பக்கம் ஏற்றினால் பாணி தானாக இறங்கிவிடாதா? கண்ணுக்கு முன்னால் படம் இருக்கும்போது வார்த்தை எதற்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெஷின் படத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் இந்த நியாயம் நிற்காது.

இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 2015-இல் கேட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர் ஜெர்மனியிலிருந்து வெளியிட்ட ஆய்வு. பொருள்களை அடையாளம் காணப் பழக்கிய ஒரு நியூரல் நெட்வொர்க்கை எடுத்து, ஓவியத்தில் எந்த நிறத்தோடு எந்தக் கோடு, எந்தக் கோட்டோடு எந்தச் சொரசொரப்பு சேர்ந்து வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கைத்தான் 'பாணி' என்றார்கள். கணக்கில் ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டது: அது படத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பது. இடத்தை மறந்தால்தான் வான்கோவின் 'நட்சத்திர இரவு' ஓவியத்தின் சுழிகளை ஒரு ஊரின் போட்டோவில் தூவ முடியும். அந்த வேலைக்கு அது அபாரமான யோசனை.

ஆனால் விளக்குப் பெண்ணின் பாணி முழுக்க இடத்தில் இருக்கிறது. சுடருக்கு அருகே என்ன, ஒரு முழம் தள்ளி என்ன, முதுகுப்பக்கம் என்ன என்பதுதான் அந்தப் படம். இடத்தை மறந்த கணக்கை எடுத்து ஒரு முகத்தில் போட்டால், ஆரஞ்சு நிறம் நெற்றியில் ஒரு திட்டு, காதோரம் ஒரு திட்டு, சுவரில் ஒரு திட்டு என்று சொறி மாதிரி பரவும். பிறகு வந்த மெஷின்கள் இதைவிட எவ்வளவோ கெட்டிக்காரத்தனமானவை. அவற்றுக்கு வேறு நோய். மாதிரிப் படத்தின் பாணியை எடுக்கச் சொன்னால் பொருளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அம்மாவின் கையில் கேட்காத விளக்கு முளைக்கும், கழுத்து நீளும், பத்து முறைக்கு ஓரிரு முறையாவது முகத்தில் கீதாவின் சாயல் ஏறும். மாதிரிப் படத்தின் பிடியைக் குறைத்தால் பாணி போய்விடும், கூட்டினால் அம்மா போய்விடுவார். இரண்டையும் பிரித்துச் சொல்ல மெஷினுக்குத் தானாக வழியில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வதற்கு வார்த்தை ஒன்றுதான் கருவி.

ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். குறிஞ்சிப்பாடியில் தறியில் வாழ்நாள் கழித்த, எழுபதை நெருங்கும் ஓர் அம்மா. கறுத்த மேனி, நெற்றியில் சுருக்கம், ஒற்றைக்கல் மூக்குத்தி. பிள்ளைகள் விளக்குப் பெண் பாணியில் படம் கேட்கிறார்கள். கையில் இருப்பது திண்ணையில் மதிய வேளையில் எடுத்த போட்டோ.

முதல் பிரச்சினை ஓவியத்தில் இல்லை, போட்டோவில். மதிய வெளிச்சம் மேலிருந்து வருவதால் புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் நிழல். விளக்கு வெளிச்சம் மார்பளவிலிருந்து மேலே போவது. அங்கே மூக்கின் அடிப்பாகமும் மேலிமையும் துலங்கும், நெற்றி இருளும், மூக்கின் நிழல் மேல்நோக்கி விழும். மதியப் போட்டோவின்மேல் விளக்குப் பாணியை ஏற்றினால் நிழல் ஒரு திசையும் நிறம் ஒரு திசையும் இழுக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் 'ஒட்ட வைத்த மாதிரி இருக்கு' என்று சரியாகச் சொல்வார். ஆகவே போட்டோவை மறுபடி எடுக்க வேண்டும். அந்தி சாய்ந்ததும் வீட்டு விளக்கெல்லாம் அணைத்து, அம்மா கையில் ஓர் அகலையோ மஞ்சள் எல்.ஈ.டி. விளக்கையோ கொடுத்து, முகவாய்க்கு நேர் கீழே வராமல் கையை நீட்டிச் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்ல வேண்டும். நேர் கீழே பிடித்தால் பேய்ப்பட போஸ்டர் ஆகிவிடும். போனில் நைட் மோடை அணைக்க வேண்டும், அது நிழல்களை எல்லாம் வெளுக்கடித்துவிடும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் சுடரின் செம்மையைக் கழுவிவிடும். பகல் வெளிச்ச அளவான 5500 கெல்வின் பக்கம் நிறுத்தி வைத்தால் செம்மை அப்படியே தங்கும். ஸ்டுடியோக்காரர்கள் சலித்துக்கொள்ளும் வேலை இதுதான். பாணியில் பாதி இந்தக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இனி வார்த்தை. பிரஷைப் பற்றி எழுதும்போது 'அழகான பிரஷ் வேலை', 'மென்மையான ஓவியம்' என்பதெல்லாம் வீண். மெஷினுக்கு அவை எதையும் சொல்வதில்லை, மனிதருக்கும்தான். என்ன செய்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். இப்படி: "காகிதத்தில் ஒளி ஊடுருவும் வாட்டர் கலர். ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டுப் போட்ட மெல்லிய பூச்சுகள். சுடரின் நடுப்பகுதியும் மூக்குத்தியில் ஒரு புள்ளியும் பூசாமல் விட்ட காகிதம். வெள்ளை பெயின்ட் இல்லை. விளக்குப் பக்கத் தாடையின் ஓரம் கூர்மையாக, மறுபக்கத் தலைமுடியின் ஓரம் பின்னணி இருட்டில் கரைந்து. முடி தனித்தனி இழையாக இல்லாமல் ஒரே திரளாக. சுருக்கங்கள் கோடாக இல்லாமல், இரண்டு பூச்சுகள் சந்திக்கும் விளிம்பாக." தமிழில் தட்டினாலும் ஆங்கிலத்தில் தட்டினாலும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஓவியர் பெயர் இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நிறத்தில்தான் பெரிய வழுக்கல். மாதிரிப் படத்தைப் பார்த்து 'ஆரஞ்சு, தங்க மஞ்சள், செம்பழுப்பு' என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். ஹல்தங்கரின் பெண்ணுடைய நிறம் அந்த அம்மாவின் நிறம் இல்லை. பட்டியலை அப்படியே ஏற்றினால் அம்மா வெளுத்துப் போவார். ஏற்கெனவே இந்த மெஷின்களுக்குக் கறுத்த முகத்தைக் கொஞ்சம் வெளுக்கடித்துப் பார்க்கும் ஆசை உண்டு. பட்டியல் அந்த ஆசைக்கு நெய் வார்க்கிறது. நிறத்தை நிறமாகச் சொல்லாமல் உறவாகச் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடியில் லுங்கி நெய்கிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: பாவில் ஓடும் அதே சிவப்பு, ஊடையில் கறுப்பு வந்த கட்டத்தில் ஒரு நிறம், வெள்ளை வந்த கட்டத்தில் வேறு நிறம். விளக்குப் பெண் படத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் நூலின் நிறம் இல்லை, அது மாறுகிற விதம். "சுடருக்கு அருகே அவருடைய சொந்த மேனி நிறம் ஒரு படி செம்மையாக. முகத்தின் மறுபக்கம் அதே நிறம் குளிர்ந்து, ஊதா கலந்த பழுப்பாக. எங்கும் தூய கறுப்பு இல்லை. முகத்தின் மிக வெளிச்சமான இடமும் சுடரைவிட இரண்டு படி மங்கல். மேனி நிறம் வெளுக்கக் கூடாது." கறுத்த மேனியில் வெளிச்சம் படர்ந்து பரவாது, சிறிய கூர்மையான பொட்டுகளாக நிற்கும். கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் அப்படி இரண்டு பொட்டு விழுந்தால் முகம் உயிரோடு இருக்கும்.

சொரசொரப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாட்டர் கலர் காகிதத்தின் பொருக்கு, நிறம் தங்கிய இருட்டுப் பகுதிகளில் அதிகம் தெரிய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் தெரிந்தால் அது ஓவியத்தின் பொருக்கு இல்லை, படத்தின்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தை நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, கன்னத்தையும் பின்சுவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே துணியில் வெட்டியது போலிருந்தால் மெஷின் ஏமாற்றிவிட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். விளக்கு எந்தப் பக்கம் என்று அப்போதும் தெரிய வேண்டும். நிறத்தை எடுத்ததும் முகம் தட்டையாகிவிட்டால், வந்தது விளக்கொளி இல்லை, ஆரஞ்சு ஃபில்டர்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹல்தங்கர் படத்தின் கன்னம் வழவழப்பாக இருப்பது அவருடைய பாணியால் மட்டும் இல்லை, அந்தப் பெண்ணின் இளமையும் சேர்ந்தது. பாணி என்று நினைத்து அதையும் அள்ளினால் எழுபது வயது அம்மாவுக்கு முப்பது வயதுக் கன்னம் வரும். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், உண்மைதான். ஒரு மாதம் கழித்து, இது அம்மா மாதிரி இல்லையே என்பார்கள். போட்டோவிலிருந்து மெஷின் எவ்வளவு விலகலாம் என்பதற்குப் பல மென்பொருள்களில் 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு. 0.3 பக்கம் வைத்தால் போட்டோவுக்கு லேசாக வர்ணம் பூசிய மாதிரி இருக்கும், 0.7-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு யாரோ வந்து நிற்பார். நடுவே வைத்து, மூக்குத்தியின் இடம், மச்சம், பல்லின் இடைவெளி, காது மடல் என்று போட்டோவோடு ஒன்றொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். வர்ணனை சரியாக இருந்தால் அளவைக் குறைவாக வைத்தே பாணியைக் கொண்டுவந்துவிடலாம். வர்ணனை இல்லாதவர்தான் அளவை ஏற்றி ஏற்றி முகத்தைத் தொலைக்கிறார்.

வான்கோ என்று போட்டால் அச்சு அசலாக வருகிறதே என்பார்கள். வருகிறது. காரணம், அவருடைய தடித்த தீற்றல் படம் முழுக்கக் கண்ணில் அறைவது போல் கிடக்கிறது, அவர் படங்கள் பெயரோடு இணையத்தில் மலைபோல் குவிந்தும் கிடக்கின்றன. இடத்தை மறந்த கணக்கும் அங்கே ஓரளவு செல்லுபடியாகும். முகம் என்று வந்தால் அங்கேயும் இடறும். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் 1889-ஆம் ஆண்டு சுயஉருவப் படத்தில் பின்னணித் தீற்றல்கள் சுழல்கின்றன, முகத்துத் தீற்றல்களோ கன்னம், தாடியின் வளைவைப் பின்பற்றிப் போகின்றன. பெயரை மட்டும் தட்டியவர் படத்தில் பின்னணிச் சுழி கன்னத்திலும் சுழலும். அதையும் 'தீற்றல் முகத்தின் வளைவைப் பின்பற்றி' என்று எழுதித்தான் திருத்த வேண்டியிருக்கிறது. உலகமே அறிந்த பெயருக்கே இந்தக் கதி என்றால், இணையத்தில் ஹல்தங்கர் படமே பல இடங்களில் ரவிவர்மா பெயரில் கிடக்கும்போது மெஷின் எதைக் கற்றிருக்கும்?

கடைசியாக ஒரு வாதம், கொஞ்சம் அவமரியாதையானது: "ஊர் ஜனங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது." தெரியும். பெயர் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். நூல் சாயம் அரை நிழல் மாறினால் பாவைத் திருப்பி அனுப்பும் ஊர் இது. வாட்டர் கலர் என்ற சொல் தெரியாதவரும் விரல் ஒளிர்கிறதா, பளபளக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். தெரியாது என்பது, எழுதச் சோம்பல்படுகிறவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

ஸ்டுடியோ நண்பர்களிடம் கேட்பது இரண்டுதான். பெயரைத் தட்டும் முன் மாதிரிப் படத்தைப் பத்து நிமிடம் பாருங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே பூசவில்லை, எந்த ஓரம் கரைகிறது, நிறம் எப்படி மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிரேமின் கீழே 'ரவிவர்மா பாணி' என்று அச்சடிக்கும் வழக்கத்தையும் இந்தப் படத்துக்காவது நிறுத்தி, ஹல்தங்கர் பெயரைப் போடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு ஒன்று: வெறும் பெயரைத் தட்டி எடுத்துக் கொடுக்கும் படத்துக்கு நீங்கள் ஓவிய விலை கொடுக்கத் தேவையில்லை. பிரின்ட் விலை கொடுத்தால் போதும்.